சைஸ் சின்னது என்று திரும்பி வந்த கறுப்பு பேன்ட்: ரிட்டர்ன் கோடுகளைப் பிரித்துப் பார்த்த பதிவு

இணையத்தில் விற்கும் ஒரு காட்டன் ஸ்ட்ரெட்ச் பேன்ட். மூன்று நிறம், இடுப்பளவு 30 முதல் 38 வரை ஐந்து சைஸ். விற்றதில் 9.1 சதவீதம் ‘சைஸ் சின்னது’ என்ற காரணத்தோடும், 3.2 சதவீதம் ‘சைஸ் பெரியது’ என்ற காரணத்தோடும் திரும்பி வந்திருந்தது. மாத அறிக்கையில் இந்த இரண்டு எண்ணும்தான் இருந்தன. அதைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே யோசனையைச் சொன்னார்கள்: “இது கொஞ்சம் இறுக்கமான பேன்ட். ஒரு சைஸ் கூட்டி வாங்கச் சொல்லி பக்கத்தில் ஒரு வரி போட்டுவிடலாம்.”

அந்த வரியைப் போடும் முன் டேட்டாவைப் பிரித்துப் பார்க்கக் கேட்டார்கள். எப்படிப் பிரித்தேன், எங்கே என்ன தெரிந்தது, கடைசியில் கோளாறு எங்கே இருந்தது என்பதை எழுதி வைக்கிறேன். துணி விற்கிற, அதற்குக் கணக்கு பார்க்கிற யாருக்கும் இதே கதை வரக்கூடும்.

முதலில் கோடுகள், அதாவது ரிட்டர்னுக்கான காரணக் குறியீடுகள். திருப்பி அனுப்பும்போது வாடிக்கையாளர் ஒரு பட்டியலிலிருந்து காரணம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். ஷாப்பிஃபை போன்ற தளத்தில் அது `SIZE_TOO_SMALL`, `SIZE_TOO_LARGE`, `DEFECTIVE`, `NOT_AS_DESCRIBED`, `COLOR`, `STYLE`, `UNWANTED`, `WRONG_ITEM`, `OTHER` என்கிற மாதிரி பதிவாகும். நான் பார்த்த டேட்டாவும் இதே பெயர்களில்தான் இருந்தது. இந்தப் பட்டியலில் ‘தரம் சரியில்லை’ என்று தனியாக ஒன்று இல்லை என்பதைக் கவனியுங்கள். துவைத்ததும் சுருங்கிவிட்டது, சாயம் போகிறது, துணி மெல்லியதாக இருக்கிறது என்று நினைக்கிறவர் `DEFECTIVE` என்பார், இல்லாவிட்டால் `NOT_AS_DESCRIBED` என்பார். தரம் பற்றிய புகார் ஒரே இடத்தில் சேராமல் இரண்டு மூன்று கோடுகளில் சிதறிக் கிடக்கும். அதைத் தேடிச் சேர்ப்பது நம் வேலை.

எண்ணத் தொடங்கும் முன் மூன்று விஷயங்களைச் சரிசெய்தாக வேண்டும். இதைச் செய்யாமல் எடுக்கிற எந்த சதவீதத்தையும் நான் நம்புவதில்லை.

ஒன்று, வகுக்கும் எண். ரிட்டர்ன்களை மட்டும் எடுத்து அதில் எத்தனை சதவீதம் ‘சின்னது’ என்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. விற்ற ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வரி இருக்க வேண்டும். ரிட்டர்ன் அந்த வரியோடு ஒட்ட வேண்டும். ஒரே வரியில் `quantity` 2 என்று இருந்தால் அதை முதலில் இரண்டு வரியாக உடைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு, காலம். போன வாரம் போய்ச் சேர்ந்த பேன்ட் இன்னும் திரும்பி வரவில்லை என்பதால் அது பொருந்திவிட்டது என்று அர்த்தமில்லை. திருப்பி அனுப்ப 30 நாள் அவகாசம் இருந்தது. பயணத்துக்கும் கிடங்கில் பதிவாவதற்கும் இன்னும் இரண்டு வாரம் சேர்த்து, போய்ச் சேர்ந்து 45 நாள் தாண்டிய துண்டுகளை மட்டும் கணக்கில் எடுத்தேன். இல்லாவிட்டால் சமீபத்தில் நிறைய விற்ற நிறம் எப்போதும் நல்ல நிறமாகவே தெரியும்.

மூன்று, ஒரே ஆர்டரில் இரண்டு சைஸ் வாங்குகிறவர்கள். 32 ஒன்று, 34 ஒன்று வரவழைத்துப் போட்டுப் பார்த்து, பொருந்தாததைத் திருப்பி அனுப்புவார்கள். அந்த ரிட்டர்னிலும் ‘சின்னது’ அல்லது ‘பெரியது’ என்றுதான் இருக்கும். ஆனால் அது வாங்கும்போதே முடிவான ரிட்டர்ன். பேன்டைப் பற்றிய புகார் இல்லை. ஒரே ஆர்டரில், ஒரே மாடலில், ஒரே நிறத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட சைஸ் இருந்தால் அந்த வரிகளுக்கு `bracketed` என்று அடையாளம் போட்டு ஒதுக்கி வைத்தேன். இந்தப் பழக்கம் கூடிக்கொண்டே போனால் அதுவே ஒரு சேதிதான், சைஸ் சார்ட்டை யாரும் நம்பவில்லை என்று பொருள். ஆனால் அது வேறு கேள்வி.

இதற்கப்புறம் கேள்வி எளிது. போஸ்ட்கிரெஸில் இப்படி எழுதினேன்:

```sql
SELECT i.color, i.size,
  COUNT(*) AS sold,
  COUNT(*) FILTER (WHERE r.reason = 'SIZE_TOO_SMALL') AS small,
  COUNT(*) FILTER (WHERE r.reason = 'SIZE_TOO_LARGE') AS large
FROM order_items i
LEFT JOIN returns r ON r.item_id = i.item_id
WHERE i.style = 'TR-07'
  AND i.delivered_on < CURRENT_DATE - 45
  AND NOT i.bracketed
GROUP BY i.color, i.size;
```

`LEFT JOIN` முக்கியம். வெறும் `JOIN` போட்டால் திரும்பி வராத துண்டுகள் எல்லாம் கணக்கிலிருந்து விழுந்துவிடும். நிறவாரியாகக் கூட்டியபோது கிடைத்தது இது:

| நிறம் | விற்றது | சின்னது | பெரியது |
|---|---|---|---|
| காக்கி | 640 | 32 (5.0%) | 26 (4.1%) |
| கருநீலம் | 580 | 31 (5.3%) | 22 (3.8%) |
| கறுப்பு | 700 | 112 (16.0%) | 14 (2.0%) |

காக்கியிலும் கருநீலத்திலும் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமமாக இருக்கிறது. ஆட்களின் உடம்பு வேறு வேறு என்பதால் எந்த உடுப்பிலும் இவ்வளவு இருக்கத்தான் செய்யும். சிக்கல் முழுக்க கறுப்பில். 9.1 என்ற மொத்த எண் எந்த நிறத்தையும் சரியாகச் சொல்லவில்லை. அந்த ‘ஒரு சைஸ் கூட்டி வாங்குங்கள்’ என்ற வரியைப் போட்டிருந்தால், சரியாக இருந்த காக்கியும் கருநீலமும் தொளதொளவென்று போய், ‘பெரியது’ என்று திரும்பி வரத் தொடங்கியிருக்கும்.

‘சின்னது’ என்பதை மட்டும் பார்க்காமல் ‘பெரியது’ என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது ஏன் என்றால், இரண்டும் சேர்ந்து நகரும் விதத்தில்தான் காரணம் தெரிகிறது. ஒன்று ஏறி மற்றொன்று இறங்கினால் பொருளின் அளவே ஒரு பக்கமாகத் தள்ளிப் போயிருக்கிறது. இரண்டுமே ஏறினால், ஒரே சைஸ் லேபிளுக்குள் துண்டுக்குத் துண்டு அளவு மாறுகிறது. அல்லது இடுப்பு சரியாக இருந்து தொடை பிடிக்கிற மாதிரி வடிவமே பலருக்கு ஒத்துவரவில்லை. கறுப்பில் நடந்தது முதல் வகை.

அடுத்து, கறுப்பை சைஸ்வாரியாகப் பார்த்தேன். 30 முதல் 38 வரை ஐந்து சைஸிலும் ‘சின்னது’ 15க்கும் 16.4க்கும் நடுவில்தான் இருந்தது. இந்தத் தட்டையான வரிசை நிறையவே சொல்கிறது. கிரேடிங்கில், அதாவது ஒரு சைஸிலிருந்து அடுத்த சைஸுக்கு பேட்டர்னைப் பெரிதாக்குவதில் தவறு இருந்தால், நடு சைஸ் நன்றாக இருக்கும். ஓரத்துக்குப் போகப் போகப் புகார் ஏறும். பெரும்பாலும் நடு சைஸில்தான் மாதிரி தைத்து ஆளுக்குப் போட்டுப் பார்க்கிறார்கள். மற்றவை அதிலிருந்து கூட்டிக் குறைத்து வருபவை, அதனால் பிசகு ஓரத்தில் சேர்கிறது. இங்கே அப்படி இல்லை, எல்லா சைஸும் ஒரே மாதிரி சுருங்கியிருந்தது. ஒரு எச்சரிக்கை: கடைசி சைஸில் ‘சின்னது’ கொஞ்சம் கூடுதலாக இருப்பது இயல்பு. 40 வேண்டியவர் 40 இல்லாததால் 38 வாங்கிப் பார்ப்பார். அதை கிரேடிங் தவறு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இவ்வளவு சின்னச் சின்னக் கட்டமாக உடைக்கும்போது எண்ணிக்கை குறைந்துகொண்டே வருவதையும் மனதில் வைக்க வேண்டும். 40 விற்று 4 திரும்பினால் 10 சதவீதம் என்று எழுதிவிடலாம். ஆனால் அந்த நாற்பதை வைத்துப் பார்த்தால் உண்மையான விகிதம் சுமார் 4 முதல் 23 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். நூறுக்குக் கீழே விற்ற கட்டத்தை வைத்து நான் முடிவு எடுப்பதில்லை. எங்கே தோண்டலாம் என்று காட்டும் குறியாக மட்டும் வைத்துக்கொள்வேன்.

கறுப்பு ஏன்? சாயத்தால் இருக்குமோ என்பதுதான் முதல் சந்தேகம். அடர்ந்த நிறங்களுக்குச் சாயமேற்றும் முறை வேறுபடும்போது துணி கூடுதலாகச் சுருங்குவது உண்டு. அப்படியானால் கறுப்பு எப்போதுமே இறுக்கமாக இருந்திருக்க வேண்டும். அதைச் சோதிக்க லாட் எண், அதாவது ஒவ்வொரு பேன்டும் எந்தத் தொகுதியில் வந்தது என்பது தேவைப்பட்டது, ஆனால் ஆர்டர் டேட்டாவில் லாட் எண் இல்லை. பல இடங்களில் இந்த வேலை நிற்பது இங்கேதான். கிடங்கில் சரக்கு வந்து இறங்கிய தேதிகள் இருந்தன. கறுப்பு இரண்டு முறை வந்திருந்தது. முதலில் வந்ததை முதலில் அனுப்புவது கிடங்கின் வழக்கம் என்பதால், சைஸ்வாரியாக முதல் லாட் எப்போது தீர்ந்திருக்கும் என்று கணக்கிட்டு, அந்தத் தேதிக்கு முன், பின் என்று பிரித்தேன். எல்லையில் சில துண்டுகள் இடம் மாறியிருக்கலாம். ஆனாலும் பதில் கலங்கலாக இல்லை: முதல் லாட்டில் 300 விற்று 17 ‘சின்னது’, அதாவது 5.7 சதவீதம், காக்கி மாதிரியேதான். இரண்டாவது லாட்டில் 400 விற்று 95. கிட்டத்தட்ட நான்கில் ஒன்று.

ஆக, கறுப்பு நிறமும் குற்றவாளி இல்லை. பேட்டர்னும் இல்லை, சைஸ் சார்ட்டும் இல்லை. இரண்டாவது லாட்டில் ஏதோ மாறியிருக்கிறது.

இந்த இடத்தில்தான் மற்ற கோடுகளைத் தேடிப் போனேன். அந்த லாட்டில் `DEFECTIVE` என்று 36 துண்டு வந்திருந்தது. கிடங்கில் ரிட்டர்னைப் பிரித்துப் பார்க்கிறவர்கள் தங்கள் பங்குக்கு ஒரு முடிவு எழுதுவார்கள்: மறுபடி விற்கலாம், விற்க முடியாது என்று. அந்த 36இல் 22 துண்டுக்கு ‘குறை எதுவும் இல்லை, மறுபடி விற்கலாம்’ என்று எழுதியிருந்தார்கள். வாடிக்கையாளர் பழுது என்கிறார், கிடங்கு பழுதில்லை என்கிறது. இப்படி முரண்படும் இடங்களை நான் விடாமல் படிப்பேன்.

இதற்கு ஒரு காரணம் விதியிலேயே இருந்தது. பழுதான பொருளைத் திருப்பி அனுப்பினால் கூரியர் கட்டணம் கிடையாது, சைஸ் சரியில்லை என்றால் உண்டு. தன் வழக்கமான சைஸை வாங்கியவருக்கு அது பூட்டக்கூட முடியவில்லை என்றால், “நான் சரியாகத்தான் வாங்கினேன், தப்பு உங்களுடையது” என்று அவர் `DEFECTIVE` போடுவது நியாயமே. கட்டணம் எந்தக் கோடில் இல்லையோ அந்தக் கோடு எப்போதும் கொஞ்சம் வீங்கியே இருக்கும். அதை ஏமாற்று என்று தள்ளிவிடாமல் குறிப்பைப் படித்தால் விஷயம் கிடைக்கும். மறுபடி விற்கலாம் என்று வந்த அந்த 22இல் பெரும்பாலான குறிப்புகள் இடுப்பையும் தொடையையும் பற்றித்தான் பேசின. அவை வேறு கோடில் ஒளிந்திருந்த சைஸ் புகார்கள்.

மீதி துண்டுகளின் குறிப்புகள் வேறு மாதிரி இருந்தன. “முதலில் சரியாக இருந்தது, துவைத்ததும் ஏறவில்லை” என்ற வகை. இவற்றை `NOT_AS_DESCRIBED` கோடில் இருந்தவற்றோடு சேர்த்துப் பார்த்தபோது தேதியும் ஒத்துப்போனது. சைஸ் பொருந்தாதவர் பெட்டியைப் பிரித்து, போட்டுப் பார்த்து, நாலைந்து நாளுக்குள் ரிட்டர்ன் கேட்டுவிடுகிறார். துவைத்த பிறகு ஏமாந்தவர் இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் வருகிறார். பொருள் போய்ச் சேர்ந்த நாளுக்கும் ரிட்டர்ன் கேட்ட நாளுக்கும் இடையே உள்ள இடைவெளியை அட்டவணையில் ஒரு பத்தியாகச் சேர்த்துக்கொள்வது சுலபம், ஆனால் கோடு சொல்லாததை அது சொல்கிறது. முதல் லாட்டில் அந்தப் பிந்திய கூட்டமே இல்லை. இரண்டாவதில் தெளிவாக இருந்தது.

அப்புறம் டேட்டாவை மூடிவிட்டு இன்ச் டேப் எடுத்தோம். இரண்டாவது லாட்டில் இன்னும் விற்காத 34 சைஸ் பேன்ட்களில் சில, முதல் லாட்டிலிருந்து திரும்பி வந்து கிடங்கில் இருந்தவற்றில் சில. மேசையில் சமமாக விரித்து, துணியை இழுக்காமல், பட்டன் போட்ட நிலையில் இடுப்பின் பாதி அளவை எடுத்தோம். ஸ்பெக் ஷீட்டில் இருந்தது 44 சென்டிமீட்டர், அரை சென்டிமீட்டர் கூடவோ குறையவோ இருக்கலாம். முதல் லாட் எல்லாம் 43.7க்கு மேல். இரண்டாவது லாட் 42.4ஐ ஒட்டி இருந்தது. பாதியில் 1.6 குறைந்தால் முழுச் சுற்றில் 3.2 சென்டிமீட்டர். தொடையும் அதே விகிதத்தில் குறைந்திருந்தது. ஆனால் கால் நீளம் இரண்டு லாட்டிலும் ஒன்றாகவே இருந்தது.

நீளம் அப்படியே இருந்து அகலம் மட்டும் குறைந்தது என்பதுதான் திறவுகோல். சாதாரண காட்டன் சுருக்கமாக இருந்தால் பாவு நூல் ஓடும் நீளவாக்கில்தான் அதிகம் தெரிந்திருக்கும். இந்தத் துணியில் ரப்பர் போல இழுபடும் எலாஸ்டேன் நூல் குறுக்கே ஓடும் ஊடையில் மட்டும் இருக்கிறது, பேன்ட் அகலவாக்கில் இழுபடுவது அதனால்தான். எலாஸ்டேன் கலந்த துணியை ஸ்டென்டர் மெஷினில் 180 முதல் 190 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றி, தேவையான அகலத்தில் நிலைப்படுத்துவார்கள். ஹீட் செட்டிங் என்பது அதுதான். அது போதுமான சூட்டிலோ நேரத்திலோ நடக்காவிட்டால், எலாஸ்டேன் தன் பழைய நீளத்துக்குத் திரும்ப இழுத்துக்கொண்டே இருக்கும். வெட்டும் மேசையில் அளவு சரியாக இருக்கும். தைத்து முடித்து நீராவி இஸ்திரி போட்டதும் ஒரு பங்கு சுருங்கும். வாங்கியவர் வீட்டில் துவைத்ததும் இன்னொரு பங்கு. உடனே வந்த ‘சின்னது’, மூன்று வாரம் கழித்து வந்த ‘பழுது’ இரண்டும் ஒரே கோளாறின் இரண்டு தவணைகள்.

உறுதி செய்துகொள்ள, இரண்டு லாட்டிலிருந்தும் ஒவ்வொரு பேன்டை வெட்டி, துணியில் 25 சென்டிமீட்டர் சதுரம் அழியாத மையால் குறித்து, லேபிளில் உள்ளபடி துவைத்துக் காயவைத்தோம். முதல் லாட் துணி அகலத்தில் 24.6 ஆனது. இரண்டாவது 23.9, அதாவது 4.4 சதவீதச் சுருக்கம். இரண்டிலும் நீளவாக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. தைத்துக் கொடுத்த இடத்தில் கேட்டபோது, இரண்டாவது முறைக்குத் துணி வேறு ஆலையிலிருந்து வந்தது என்றும், சுருக்கச் சோதனை பழைய துணிக்குச் செய்ததையே வைத்துக்கொண்டார்கள் என்றும் தெரிந்தது.

இனி, அந்த ‘ஒரு சைஸ் கூட்டி வாங்குங்கள்’ யோசனை. பிரச்சினை இரண்டாவது லாட்டில்தான் என்றால் அந்த லாட்டுக்கு மட்டுமாவது அதைச் சொல்லலாமே என்று கேட்டார்கள். இதற்கான பதில் எக்ஸ்சேஞ்ச் வரிகளில் இருந்தது. 34 இறுக்கமாக இருந்து 36க்கு மாற்றிக்கொண்டவர்களைத் தொடர்ந்து பார்த்தால், சிலர் அதை வைத்துக்கொண்டார்கள். கணிசமானவர்கள் அதையும் ‘பெரியது’ என்று திருப்பி அனுப்பினார்கள். கணக்குப் போட்டால் அது புரியும். சைஸுக்கு சைஸ் இடைவெளி சுமார் 5 சென்டிமீட்டர். குறைந்தது 3.2. இரண்டு சைஸுக்கு நடுவே விழுந்த பேன்ட் அது. 34க்காரருக்கு 34 போதாது, 36 கூடுதல். தவிர, துவைத்தபின் எவ்வளவு குறையும் என்பதும் சேர்ந்துகொள்கிறது. சைஸ் லேபிளை மாற்றி ஒட்டுவதும் இதே காரணத்தால் சரிப்படாது. மாற்றி வாங்கியவர் இரண்டாவதைத் திருப்பினாரா, எந்தக் காரணத்தோடு திருப்பினார் என்பது, எத்தனை சென்டிமீட்டர் குறை என்பதை டேப் இல்லாமலே ஓரளவு சொல்லிவிடும். அந்த வரிசையைப் பெரும்பாலான அறிக்கைகள் ‘எக்ஸ்சேஞ்ச் முடிந்தது’ என்று எழுதி மூடிவிடுகின்றன. எனக்கு அதில் மிகுந்த வருத்தம் உண்டு.

இரண்டாவது லாட்டில் மிச்சம் இருந்ததை விற்பனையிலிருந்து எடுத்தார்கள். மறுபடி விற்கலாம் என்று அலமாரிக்குத் திரும்பியிருந்த துண்டுகளையும் தேடி எடுக்க வேண்டியிருந்தது. அவை இன்னொருவரிடம் போய் இன்னொரு ரிட்டர்னாக வந்துகொண்டிருந்தன. ஒரே துண்டு இரண்டு முறை திரும்பியதும் உண்டு. அடுத்த லாட்டுக்கு, வெட்டும் முன் ஒவ்வொரு ரோல் துணியிலும் அந்த 25 சென்டிமீட்டர் சோதனை, அகலத்தில் 3 சதவீதத்துக்கு மேல் சுருங்கினால் வெட்டக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள்.

டேட்டா பக்கம் இரண்டு மாற்றம். `order_items` அட்டவணையில் `lot_id` என்று ஒரு பத்தி. பேக் செய்யும்போது லாட் பார்கோடை ஸ்கேன் செய்தால் அது நிரம்பும், தேதியை வைத்து ஊகிக்க வேண்டியதில்லை. ரிட்டர்ன் படிவத்தில், ‘சின்னது’ என்று தேர்ந்தெடுத்தால் எங்கே என்று கேட்கும் அடுத்த கேள்வி: இடுப்பு, தொடை, நீளம். பட்டியலை அதற்கு மேல் நீட்ட வேண்டாம் என்று சொன்னேன். இருபது காரணம் வைத்தால் ஆட்கள் முதலில் கண்ணில் படுவதைத் தொட்டுவிட்டுப் போவார்கள். அப்புறம் வரிசையில் மேலே இருக்கும் காரணமே பெரிய காரணமாகத் தெரியும். படிவம் அப்படி நிரப்பப்படுகிறதா என்று தெரிய, சில நாளுக்குப் பட்டியலின் வரிசையைக் கலைத்துக் காட்டினால் போதும். வரிசை மாறும்போது பங்கும் மாறினால் அந்தக் கோடை நம்ப முடியாது.

கருநீலத்தில் 36 சைஸில் மட்டும் `DEFECTIVE` கொஞ்சம் எழும்பி நிற்கிறது. விற்றது நூறுக்குக் கீழே, குறிப்புகளில் ஒன்றிரண்டு பின்பாக்கெட் தையலைச் சொல்கின்றன. `lot_id` நிரம்பத் தொடங்கியதும் முதலில் அதைத்தான் பிரித்துப் பார்க்கப்போகிறேன்.